மாவு தீருமுன் நினைப்பவர்

கணவன், மனைவி இருவரும் வெளியே சென்று ஊதியம் ஈட்டும் குடும்பங்களில் வீட்டு வேலை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்னும் கேள்வி, பெரும்பாலும் நேரக் கணக்கைப் பற்றிய கேள்வியாகவே எழுப்பப்படுகிறது. யார் எவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்கிறார், யார் துணி துவைக்கிறார், யார் குழந்தையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்று எண்ணிப் பார்ப்பது தேவையானதே. ஆயினும் மணவாழ்வில் கசப்பு சேர்வதும் அன்பு தழைப்பதும் அந்தக் கணக்குக்குள் முழுமையாக அடங்கிவிடுவதில்லை. ஒரு வேலையைச் செய்து முடிக்கும் உடலுழைப்புக்கு முன்னும் பின்னும் அவ்வேலையை நினைவில் சுமக்கும் உழைப்பு ஒன்று உண்டு. அந்தச் சுமை ஒருவர் தலையிலேயே தங்கிவிடும்போதுதான், கைவேலையில் ஓரளவு பங்குகொள்ளும் துணையின்மீதுகூட ஆறாத மனத்தாங்கல் உண்டாகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சென்னையின் தென்புறப் பகுதி ஒன்றில், வாடகை வீட்டில் இல்லறம் தொடங்கிய ஒரு தம்பதியின் நினைவுகளைக் கொண்டு, அதிலும் இட்லி மாவு அரைத்தல் என்னும் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு, இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு மனைவி எனக் குறிக்கப்படுபவர் இக்கட்டுரையாளரே.

வீட்டு வேலையின் ஏற்றத்தாழ்வு மணஉறவின் உணர்வுகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதைத் தம்பதியரின் வீடுகளுக்கே சென்று கண்டறிந்தவர்களுள் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் முக்கியமானவர். 1989ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல், அலுவலகப் பணி முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்காகக் காத்திருக்கும் வேலைகளை 'இரண்டாவது ஷிப்ட்' என்று அழைத்தது. அந்நூலில் நான்சி, இவான் என்னும் புனைபெயர்களில் வரும் தம்பதியர், நெடுங்காலச் சச்சரவுக்குப் பின் மேல்தளம் மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு என்று வீட்டைப் பிரித்துக்கொள்கின்றனர். சமையலறை, கூடம், படுக்கையறைகள், குளியலறைகள் ஆகிய எல்லாம் மேல்தளத்தில் அடங்க, கீழ்த்தளத்தில் இருந்தது பெரும்பாலும் கார் நிறுத்துமிடமே. நாயைப் பார்த்துக்கொள்வதும் கணவன் பங்காயிற்று. ஆயினும் தாங்கள் பாதிப்பாதி பங்கிட்டுக்கொண்டதாகவே இருவரும் சொல்லி வந்தனர். மணவாழ்வு முறிந்துவிடக் கூடாது என்பதற்காக இருவரும் சேர்ந்து நம்பும் இத்தகைய கதையை ஹோக்ஷீல்ட் 'குடும்பக் கட்டுக்கதை' என்றார். வெளிப்பார்வைக்குச் சண்டை ஓய்ந்துவிட்டாலும், மனைவியின் மனத்தாங்கல் வேறு வழிகளில் வெளிப்பட்டுக்கொண்டே இருந்ததை அவர் பதிவு செய்துள்ளார்.

இந்தியாவில் இந்த ஏற்றத்தாழ்வின் அளவை ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் ஒரு நாளின் நேரத்தை எந்தெந்தச் செயல்களில் செலவிடுகிறார் என்று கேட்டுப் பதியும் இவ்வாய்வின்படி, 2019இல், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். வீட்டு வேலையில் சற்றேனும் ஈடுபட்டவர்களை மட்டும் கொண்டு எடுக்கப்பட்ட சராசரி இது. அவ்வாறு ஈடுபட்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேராகவும் ஆண்களில் 26 பேராகவும் இருந்தனர். 2024ஆம் ஆண்டு ஆய்விலும் நிமிடக் கணக்கு 289, 88 என்ற அளவிலேயே நின்றது. எனினும், வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தை அளக்கும் இத்தகைய ஆய்வுகளால், வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மனத்தில் வீட்டில் உளுந்து இருக்கிறதா என்ற கேள்வி ஓடுவதை அளக்க இயலாது.

மேற்குறித்த தம்பதியருள் மனைவி கல்லூரி ஆசிரியராகவும் கணவர் வங்கி ஊழியராகவும் பணியாற்றினர். திருமணமான தொடக்கத்திலிருந்தே கணவர் வீட்டு வேலையிலிருந்து ஒதுங்கி நின்றவர் அல்லர். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடங்களைத் தூக்கி வருவதும், மின்கட்டணம் செலுத்துவதும், சிலிண்டர் பதிவு செய்வதும், ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கி வருவதும், பழுதான குழாயைச் சரிசெய்ய ஆள் அழைத்து வருவதும் அவருடைய பொறுப்புகளாக இருந்தன. தம் நண்பர்களோடும் தம் தந்தையோடும் ஒப்பிட்டுப் பார்த்து, தாம் சரிபாதி செய்வதாக அவர் உண்மையாகவே நம்பினார். அந்நம்பிக்கையில் பாசாங்கு எதுவும் இல்லை. ஆனால் இருவருடைய வேலைகளுக்கும் இடையே இயல்பிலேயே ஒரு வேறுபாடு இருந்தது. மின்கட்டணத்துக்குப் பல நாள் தவணை உண்டு. இன்று முடியாவிட்டால் நாளை செலுத்தலாம். காலை உணவுக்கும் குழந்தையின் மதிய டப்பாவுக்கும் அத்தகைய தவணை இல்லை. தள்ளிப்போடத்தக்க வேலைகள் கணவரிடமும், நாள்தோறும் குறித்த நேரத்தில் முடித்தாக வேண்டிய வேலைகள் மனைவியிடமும் சேர்ந்துவிட்டதால், எண்ணிக்கையில் சமமாகத் தோன்றிய பங்கீடு வாழ்ந்து பார்க்கையில் சமமாக இருக்கவில்லை.

இட்லி மாவு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் வேலையாகும். கிரைண்டரில் மாவு ஓடுவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்பதால் அது எளிய வேலையாகத் தோன்றுகிறது. உண்மையில், நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில், ஒரு தேக்கரண்டி வெந்தயத்துடன், அரைப்பதற்கு நான்கு மணி நேரம் முன்னதாக ஊற வைக்க வேண்டும்; உளுந்தைத் தனியே, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, நுரைத்துப் பொங்கும் வரை அரைக்க வேண்டும்; பின்னர் அரிசியைச் சற்று ரவைப் பதத்தில் அரைத்து, இரண்டையும் உப்பிட்டுக் கையால் கலந்து, இரவு முழுதும் புளிக்க விட வேண்டும். ஆகவே திங்கட்கிழமை காலையில் இட்லி வேண்டுமென்றால் ஞாயிறு பிற்பகலிலேயே அரிசி ஊறியிருக்க வேண்டும். அதற்குச் சனிக்கிழமையே உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பிற்பகல் உறக்கமும், மாலையில் வெளியே செல்லும் திட்டமும், உறவினர் வருகையும் இந்த நேர ஒழுங்குக்கு இசைந்தே அமைய வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு பொங்கத் தாமதமாகும் என்பதால் இன்னும் முன்னதாக அரைக்க வேண்டும்; சித்திரை வெயிலில் புளித்து வழிந்துவிடும் என்பதால் படுக்கச் செல்லுமுன் ஒருமுறை பார்த்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர், 35 தம்பதியரிடம் நேர்காணல் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மன உழைப்பை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். வரவிருக்கும் தேவையை முன்னுணர்தல், அதை நிறைவேற்றும் வழிகளைத் தேடுதல், அவற்றுள் ஒன்றை முடிவு செய்தல், முடிவு செய்தது நடந்ததா என்று கண்காணித்தல் என்பன அவை. மாவில் இந்நான்கையும் தெளிவாகக் காணலாம். புதன்கிழமையோடு மாவு தீர்ந்துவிடும் என்று உணர்வது முதற்படி. மறுபடி அரைப்பதா, கடையில் வாங்குவதா, இரண்டு நாள் உப்புமாவில் சமாளிப்பதா என்று எண்ணுவது இரண்டாம் படி. அவற்றுள் ஒன்றை ஏற்பது மூன்றாம் படி. ஊறியதா, புளித்ததா என்று பார்ப்பது நான்காம் படி. முடிவு செய்யும் படியில் கணவன்மாரும் பெருமளவு பங்குகொள்கின்றனர் என்றும், முன்னுணர்தலும் கண்காணித்தலும் பெரும்பாலும் மனைவியரிடமே விடப்படுகின்றன என்றும் டாமிங்கர் கண்டறிந்தார். யாருடைய கண்ணுக்கும் புலப்படாத முதற்படியும் கடைசிப் படியுமே ஓய்வு நேரத்தையும் ஓய்வாக இருக்க விடாமல் செய்பவை என்பதால், மனத்தாங்கலின் வேர் இவ்விரண்டிலுமே இருக்கிறது என்று கருதலாம்.

மேற்கூறிய வீட்டில் அந்த மனத்தாங்கல் தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு வரவில்லை. முதலில் மனைவியின் பேச்சு குறைந்தது. கல்லூரியில் நடந்தவற்றைக் கணவரிடம் சொல்லும் பழக்கம், சொல்ல நேரமில்லை என்ற காரணத்தால் அல்லாமல், சொல்ல மனமில்லை என்ற காரணத்தால் நின்றது. அடுத்து, கட்டிலில் கிடந்த ஈரத்துண்டைப் போன்ற அற்பப் பொருள்களின்மீது, அவற்றுக்குப் பொருந்தாத அளவில் சினம் எழுந்தது. கணவர் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது தம்மை அவமதிக்கும் செயலாகத் தோன்றத் தொடங்கியது; அவர் ஆசையோடு வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை வாங்கி வைக்கும்போதும், அதைவிட வேறொன்று வேண்டியிருந்தது என்ற எண்ணமே மேலோங்கியது. ஒரே அறையில் இருவர் இருக்கையிலும் தனியாக இருப்பதான இவ்வுணர்வே, வேலைப் பளுவால் வரும் சோர்விலிருந்து மனத்தாங்கலைப் பிரித்தறியும் அடையாளமாகும். சோர்வு ஒரு நாள் ஓய்வில் தணியும். மனத்தாங்கலோ ஓய்வு கிடைத்த நாளிலும், நாளை மீண்டும் தாமே நினைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உடன் வரும்.

இதைப் பற்றிய பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கியது. கல்லூரித் தேர்வுத்தாள்களைத் திருத்தும் வேலை மிகுந்திருந்த வாரம் அது. அரிசி ஊற வைக்கப்படவில்லை. மறுநாள் காலைக்கு மாவில்லை என்று அறிந்த கணவர், "சொல்லியிருந்தா நானே ஊறப் போட்டிருப்பேனேம்மா" என்று பரிவோடுதான் சொன்னார். "சொல்றதும் ஒரு வேலைதானேங்க, அதையும் நான்தானே செய்ய வேண்டியிருக்கு" என்று மனைவி விடையளித்தார். பணிந்து கேட்டால் செய்யக் காத்திருப்பவருக்கும், கேட்க வேண்டிய நிலையிலேயே என்றும் இருப்பவருக்கும் இடையிலான தொலைவை அந்த விடை கணவருக்குப் புரிய வைத்தது. அவர் தம்மை நியாயப்படுத்திப் பேசாமல், மாவு அரைப்பதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டு, வங்கி டைரியின் ஓர் ஏட்டில் ஒவ்வொன்றாக எழுதினார். உளுந்து வாங்குவதில் தொடங்கி, கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எழுதியபோது, அதுவரை ஒரே வேலையாகக் கருதப்பட்டது அந்த ஏட்டின் பெரும்பகுதியை நிரப்பியது.

அதன்பின் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, வேலைகளைப் படிகளாகப் பிரித்துப் பங்கிடுவதற்கு மாறாக, ஒரு வேலையை அதன் நான்கு படிகளோடும் ஒருவரிடம் ஒப்படைப்பதாக அமைந்தது. ஊறப்போடுவது ஒருவர், அரைப்பது மற்றொருவர் என்று பிரித்தால் கண்காணிப்பு பழையபடி மனைவியிடமே திரும்பும் என்பதை அந்த ஏடு காட்டிவிட்டிருந்தது. எனவே மாவு முழுமையாகக் கணவருடையதாயிற்று; அதற்கு ஈடாக, அவர் பொறுப்பிலிருந்த மின்கட்டணமும் சிலிண்டரும் மனைவியிடம் வந்தன. இரண்டு நிபந்தனைகளை இருவரும் ஏற்றனர். முதலாவது, மாவு தீரப்போவதை மனைவி நினைவூட்டக் கூடாது. தீர்ந்துவிட்டால் அன்று உப்புமா, அதை யாரும் குறையாகப் பேசக் கூடாது. இரண்டாவது, எப்படிப்பட்ட மாவு போதுமானது என்பதை முன்னரே பேசி முடிவு செய்துவிட வேண்டும். வாரத்துக்கு இருமுறை புதிதாக அரைக்க வேண்டுமா, ஒருமுறை அரைத்தால் போதுமா, கடைசி நாளில் புளித்த மாவில் ஊத்தப்பம் ஏற்கத்தக்கதா என்பன அவ்வாறு பேசப்பட்டன. தர அளவை ஒருவர் மட்டும் வகுத்து மற்றவர் அதை எட்ட முயலும் வீட்டில், பொறுப்பு கைமாறினாலும் அதிகாரம் கைமாறுவதில்லை. அந்நிலையில் வேலையை ஏற்றவர் விரைவிலேயே ஊக்கமிழந்து பின்வாங்குவார்.

தொடக்கத்தில் கணவர் அரைத்த மாவு சரியாக வரவில்லை. உளுந்தில் ஒரேயடியாக நீரை ஊற்றியதால் அது பொங்காமல் நீர்த்தது. இட்லி தட்டையாகவும் கெட்டியாகவும் ஆயிற்று. இத்தகைய கட்டத்தில்தான் பல வீடுகளில் பங்கீடு முறிகிறது. மனைவி அலுப்போடு வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வார், கணவர் தமக்குக் கைவரவில்லை என்ற முடிவோடு விலகிக்கொள்வார். இவ்வீட்டில் முறியாமல் காத்தவர் அப்போது ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஆவார். மகன் கிரைண்டரின் முன் நிற்பதை அவர் முதலில் விரும்பவில்லையாயினும், தவறாக அரைப்பதைக் காணப் பொறாமல் அருகில் வந்து, அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் இட்டால் அது மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். தம் மருமகளுக்குச் சொல்லித்தந்த அதே அக்கறையோடு மகனுக்கும் சொல்லித்தந்த அந்த மாலை, அவ்வீட்டின் நினைவுகளில் மிகவும் போற்றத்தக்க ஒன்றாகும். கைப்பக்குவம் பிறப்பால் வருவதன்று, கற்பிக்க ஒருவரும் கற்க விருப்பமும் இருந்தால் யாருக்கும் வரும் என்பதை அது நிறுவியது.

பொறுப்பு முழுமையாகக் கைமாறியதன் விளைவு, மனைவிக்கு ஞாயிறு பிற்பகல் கிடைத்தது என்பதோடு முடியவில்லை. ஒரு வார நாளில், வங்கியிலிருந்து திரும்பும் வழியில் கணவர் கேட்காமலேயே உளுந்து வாங்கி வந்தார்; மாலை நெரிசலில், தம் அலுவல் கவலைகளுக்கு நடுவே, வீட்டின் டப்பா ஒன்று காலியாவதை அவர் நினைத்திருந்தார் என்பதே மனைவியின் மனத்தைத் தொட்டது. முன்பு மல்லிகைச் சரம் ஏற்படுத்தத் தவறிய நெகிழ்ச்சியை அரைக்கிலோ உளுந்து ஏற்படுத்தியதற்குக் காரணம், ஹோக்ஷீல்ட் 'நன்றியின் பொருளியல்' என்று அழைத்த கருத்தில் இருக்கிறது. ஒரு செயல் மற்றவரால் பரிசாக உணரப்படுமா என்பதைச் செயலின் மதிப்பைவிட, பெறுபவருக்கு எது உண்மையில் வேண்டியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது என்பது அக்கருத்தின் சாரம். கணவர் கொடுப்பதாக எண்ணியதும் மனைவி பெற விரும்பியதும் வெவ்வேறாக இருந்தவரை, இருவருமே தம் அன்பு மதிக்கப்படவில்லை என்று வருந்தினர். அவை ஒன்றானபோது மல்லிகையும் தன் மணத்தை மீண்டும் பெற்றது. பூச்சரத்தை வாங்கிச் சூடிக்கொள்ளும் மனம் திரும்ப வந்தது.

பங்கீடு வந்தால் நன்றி மறைந்து, கணவன் மனைவி இருவரும் கணக்குப் பார்க்கும் கூட்டாளிகளாகிவிடுவர் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இவ்வீட்டின் அனுபவம் அதற்கு மாறானது. கணக்குப் பார்க்கும் மனநிலை கடுமையாக இருந்தது பங்கீட்டுக்கு முந்திய காலத்தில்தான். யார் கடைசியாக எழுந்தார், யார் முதலில் அமர்ந்தார் என்று மனைவியின் உள்ளம் அப்போது ஓயாமல் குறித்துக்கொண்டிருந்தது. பொறுப்புகள் தெளிவான பின் அந்தக் குறிப்பேடு தேவையற்றதாயிற்று. மேலும், தமக்குரியதல்லாத வேலையை ஒருவர் மற்றவருக்காகச் செய்யும்போது, அது எவர் கண்ணுக்கும் படாமல் கரைந்துபோகாமல், உதவியாகவே அடையாளம் காணப்பட்டது. கணவருக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் மனைவி மாவு அரைத்தபோது, அவர் நன்றி சொன்னார். அதே வேலையை முன்பு பல ஆண்டுகள் செய்தபோது அச்சொல் எழுந்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லைகளும் உண்டு. மகப்பேற்றை ஒட்டிய மாதங்களில் தாய்க்கு உரிய உடலுழைப்பைப் பங்கிட இயலாது. அக்காலத்தில் சமம் என்பது மற்றெல்லா வேலைகளையும் தந்தை ஏற்பதாகவே அமைய முடியும். கணவர் வேறு ஊருக்கு மாற்றலாகி வார இறுதியில் மட்டும் வந்துபோன காலத்தில் பழைய ஏற்றத்தாழ்வு திரும்பியது. அப்போது மாவு அரைப்பதை விட்டு, கடை மாவு வாங்கும் பழக்கம் வந்தது. ஆனால் கடை மாவு கிரைண்டரின் வேலையை மட்டுமே நீக்குகிறது, அதை வாங்க வேண்டும் என்று நினைப்பவர் ஒருவர் தேவை என்பது அப்படியே இருக்கிறது. பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் ஒரு பெண்ணைப் பணியமர்த்தித் தம்பதியர் தம் சண்டையைத் தீர்த்துக்கொள்ளும்போது, அப்பெண் தம் வீட்டில் இரண்டாவது ஷிப்டைத் தனியே சுமக்கிறார் என்பதையும் மறத்தலாகாது. தங்கள் இல்லத்தின் நிம்மதி இன்னொரு பெண்ணின் உழைப்பால் கிடைத்தது என்றால், அவருக்கு உரிய ஊதியமும் விடுப்பும் தருவது அந்நிம்மதியின் விலையாகும்.

ஒரு வீட்டில் நினைவின் சுமை எங்கே இருக்கிறது என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. அடுத்த வாரம் வீட்டுக்கு என்னென்ன வேண்டும், எவை தீரப்போகின்றன, குழந்தைக்கு எந்த நாளில் என்ன தேவை என்பவற்றைக் கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, இரு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு தாள் நிறைந்தும் மற்றது வெறுமையாகவும் இருக்குமானால், எந்த வேலையை முழுமையாகக் கைமாற்ற வேண்டும் என்பதை நிறைந்த தாளே சொல்லும். இக்கட்டுரை பேசிய இருவரும் அவ்வாறு தொடங்கியது ஒரே ஒரு வேலையில்தான். பின்னர் பள்ளிச் சீருடையும், தடுப்பூசி அட்டையும், மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரையும் ஒவ்வொன்றாக இடம் மாறின. மணநாள் பரிசுகளையும் பயணங்களையும்விட, தாம் இல்லாத பொழுதிலும் வீடு மற்றொருவர் மனத்தில் வாழ்கிறது என்ற உறுதியே மணவாழ்வில் ஒருவர் மற்றவருக்கு அளிக்கக்கூடிய நெருக்கமான காதல் மொழி என்பது, அந்த வாழ்விலிருந்து இக்கட்டுரையாளர் அடைந்த முடிவாகும்.